ஒரு லட்சம் ரூபாய் டிரேடிங் கணக்கு: இன்ட்ராடேயா, ஸ்விங்கா, ஓராண்டு டெலிவரியா?

ஒரு லட்சம் ரூபாயோடு பங்குச் சந்தைக்கு வருபவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் இன்ட்ராடே ஒன்று. இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து விற்கும் ஸ்விங் இன்னொன்று. வாங்கிய பங்கை ஓராண்டைத் தாண்டி வைத்திருக்கும் டெலிவரி மூன்றாவது. எதில் லாபம் அதிகம் என்று கேட்பவர்கள்தான் நிறையப் பேர். எதில் எவ்வளவு கழிந்து போகிறது என்ற கேள்விக்கு உறுதியான விடை இருக்கிறது, ஏனென்றால் லாபம் சந்தை கையில் இருக்கிறது, கழிவோ முன்கூட்டியே எழுதி வைத்த விகிதம். அந்த விகிதங்களை வைத்து மூன்று வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறோம். கட்டணங்களும் வரிகளும் 2025-26 நிதியாண்டு நிலவரப்படி.

கணக்கு பிடிகொடுக்க ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம், புதிய வரிமுறையில் இருக்கிறார். டிரேடிங்குக்கு என்று ஒதுக்கியது 1,00,000 ரூபாய். கடன் இல்லை, ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் இல்லை, வெறும் பங்குகள் மட்டும்.

இன்ட்ராடே: ஒரு நாளுக்குச் சில்லறை, ஓர் ஆண்டுக்குப் பெருந்தொகை

500 ரூபாய் விலையுள்ள ஒரு பெரிய நிறுவனப் பங்கில் 200 வாங்கி அன்றே விற்கிறார். வாங்கியது ஒரு லட்சம், விற்றது ஏறக்குறைய ஒரு லட்சம். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் இரண்டு ஆர்டருக்கு 40 ரூபாய். விற்கும்போது மட்டும் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், அது 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் லட்சத்துக்கு 3 ரூபாய் அளவில், இரண்டு பக்கமும் சேர்த்து 6. வாங்கும்போது முத்திரைத்தாள் வரி 0.003 சதவீதம், 3 ரூபாய். சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டணம் 20 பைசா. புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச், செபி கட்டணங்களுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 8 ரூபாய் 32 பைசா. மொத்தம் 82 ரூபாய் 50 பைசா.

இதோடு ஸ்லிப்பேஜைச் சேர்க்க வேண்டும். வாங்க நினைத்த விலைக்கும் உண்மையில் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. பெரிய பங்கு என்பதால் ஒரு பக்கத்துக்குப் பங்குக்கு வெறும் 10 பைசா என்று கொள்வோம். 200 பங்கு, இரண்டு பக்கம், 40 ரூபாய். ஆக ஒரு டிரேடுக்கு 122 ரூபாய் 50 பைசா. பங்கு 61 பைசா ஏறினால் போதும், கை கடிக்காது.

61 பைசாதானே என்று தோன்றும் இந்த இடத்தில்தான் சிறிய கணக்குகள் தவறிப் போகின்றன. ஒரு நாளுக்கு ஒரே டிரேட் என்று ஆண்டுக்கு 240 நாள் செய்தால் கட்டணம் மட்டும் 19,800 ரூபாய். ஸ்லிப்பேஜ் 9,600. மொத்தம் 29,400. அதாவது போட்ட பணத்தில் 29 சதவீதம் சம்பாதித்தால்தான் ஆண்டு முடிவில் அதே ஒரு லட்சம் கையில் நிற்கும். நாளுக்கு இரண்டு டிரேட் செய்பவருக்கு இது அப்படியே இரட்டிப்பு.

புரோக்கரேஜே இல்லாத புரோக்கரிடம் போனால் சரியாகிவிடாதா? ஓரளவு குறையும். புரோக்கரேஜும் அதன் ஜிஎஸ்டியும் போக ஒரு டிரேடுக்கு 35 ரூபாய் மிஞ்சும், ஆண்டுக்குச் சுமார் 8,500. ஸ்லிப்பேஜ் அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்து 18,000 ரூபாய். ஜீரோ புரோக்கரேஜ் என்ற விளம்பரம் செலவின் ஒரு பகுதியை மட்டுமே தொடுகிறது.

புரோக்கர் தரும் ஐந்து மடங்கு மார்ஜின் எடுத்து 5 லட்சத்துக்கு வாங்கினால் 20 ரூபாய் புரோக்கரேஜ் பெரிய தொகையில் பரவிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. சதவீதம் குறைவது உண்மைதான். ஆனால் எஸ்டிடியும் முத்திரைத்தாள் வரியும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் 5 லட்சத்தின் மேல் வரும், கணக்கில் இருப்பதோ ஒரு லட்சம். அப்படி ஒரு டிரேடுக்குக் கட்டணம் மட்டும் 224 ரூபாய், ஸ்லிப்பேஜ் 200 ரூபாய். சொந்தப் பணத்தின் மேல் கணக்கிட்டால் ஒரே நாளில் 0.42 சதவீதம் போகிறது.

இன்னொன்றையும் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். மாலை 3.15 மணி அளவுக்குள் வாங்கியதை விற்றுப் பொசிஷனை மூட மறந்துவிட்டால் புரோக்கரே மார்க்கெட் ஆர்டரில், அதாவது அப்போது கிடைக்கும் விலைக்கு, விற்றுவிடுவார். அதற்குப் பல புரோக்கர்கள் 50 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 59 ரூபாய் வாங்குகிறார்கள். ஷிஃப்ட்டில் இருக்கும்போது அடிக்கடி நடப்பது இது. ஒரு டிரேடின் மொத்தச் செலவில் பாதி அளவு கூடுதலாகப் போய்விடும்.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் காட்டுகிறது. 2022-23 நிதியாண்டில் பங்கு இன்ட்ராடேயில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர்கள் தங்கள் நஷ்டத்துக்கு மேல் இன்னும் 57 சதவீத அளவுக்குக் கட்டணச் செலவும் செய்திருந்தார்கள். லாபம் பார்த்தவர்களுக்கு அந்தச் செலவு லாபத்தில் 19 சதவீதம்.

ஸ்விங்: எஸ்டிடியும் டிபி கட்டணமும் அறுக்கும் இடம்

ஸ்விங் செய்பவர்கள் பெரும்பாலும் தங்களை இன்ட்ராடேகாரர்களிலிருந்து பிரித்துப் பார்ப்பார்கள். டிரேட் குறைவு, நிதானம் அதிகம், பல புரோக்கர்களிடம் டெலிவரிக்குப் புரோக்கரேஜும் கிடையாது. ஆனால் ஒரு டிரேடுக்கு ஆகும் செலவு இன்ட்ராடேயைவிட இங்கே அதிகம்.

பணத்தை நான்கு பங்குகளில் 25,000 வீதம் பிரிக்கிறார். ஒரு பொசிஷனை வாங்கி மூன்று வாரத்தில் விற்கிறார். டெலிவரிக்கு எஸ்டிடி 0.1 சதவீதம், அதுவும் வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை. 25 கூட்டல் 25, மொத்தம் 50 ரூபாய். முத்திரைத்தாள் வரி 0.015 சதவீதம், 3 ரூபாய் 75 பைசா (இது 2020 ஜூலை முதல் நாடு முழுக்க ஒரே விகிதம், வாங்குபவர் வசிக்கும் மாநிலத்துக்குப் போவதால் சென்னைக்காரரின் பணம் தமிழ்நாடு அரசுக்கு வருகிறது). எக்ஸ்சேஞ்ச், செபி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 2 ரூபாய்க்குள். கடைசியில் டிபி கட்டணம்: பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போகும்போது, ஒரு நிறுவனப் பங்குக்கு ஒரு நாளுக்கு ஒரு முறை. 13 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று வைத்தால் 15 ரூபாய் 34 பைசா. மொத்தம் 71 ரூபாய். 25,000 ரூபாயில் இது 0.28 சதவீதம்.

டிபி கட்டணம் எத்தனை பங்கு விற்றாலும் மாறாது. 5 பங்கு விற்றாலும் அதே 15 ரூபாய், 500 விற்றாலும் அதே. அதனால் கணக்கு சிறுத்தால் சதவீதம் ஏறும். அதே ஒரு லட்சத்தைப் பத்தாகப் பிரித்து 10,000 வீதம் போட்டால் ஒரு டிரேடின் செலவு 0.38 சதவீதம். 5,000 ரூபாய் பொசிஷனுக்கு 0.53 சதவீதம். டெலிவரிக்கும் ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் இருந்தால் அந்த 5,000 ரூபாய் பொசிஷன் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் ஏறிய பிறகுதான் சமநிலைக்கு வரும். பல பங்குகளில் பிரித்துப் போடு என்ற அறிவுரை நல்ல அறிவுரைதான், ஆனால் ஒரு லட்சம் ரூபாயில் அதற்குத் தனி விலை இருக்கிறது. ஒரே பங்கைத் திங்கள் கொஞ்சம், புதன் கொஞ்சம், வெள்ளி கொஞ்சம் என்று விற்றால் டிபி கட்டணம் மூன்று முறை விழும். ஒரே நாளில் எத்தனை தடவையாக விற்றாலும் ஒரு முறைதான்.

இந்த டிபி கட்டணம், டிரேட் செய்த நாளுக்குப் புரோக்கர் அனுப்பும் ரசீதான கான்ட்ராக்ட் நோட்டில் வராது. புரோக்கரிடம் உள்ள வரவு செலவுக் கணக்கான லெட்ஜரில் தனி வரியாக, ஒன்றிரண்டு நாள் கழித்து ஏறும். ஆப்பில் பச்சையில் காட்டும் லாபம் பெரும்பாலும் எந்தக் கட்டணமும் கழிக்காத எண். கான்ட்ராக்ட் நோட் பார்ப்பவர்களுக்கு எஸ்டிடி வரை தெரிந்துவிடும், லெட்ஜர் பார்ப்பவர்களுக்குத்தான் முழுதும் தெரியும்.

நான்கு பொசிஷன், ஆண்டுக்குப் பதினைந்து சுற்று, மொத்தம் 60 டிரேட். கட்டணம் 4,255 ரூபாய். ஒரு பக்கத்துக்கு 0.1 சதவீதம் ஸ்லிப்பேஜ் என்று வைத்தால் ஒரு டிரேடுக்கு 50, ஆண்டுக்கு 3,000. மொத்தம் 7,255 ரூபாய். வரி இன்னும் வரவில்லை.

அந்த 0.1 சதவீதம் எங்கிருந்து வருகிறது

ஸ்லிப்பேஜுக்கு ரசீது கிடையாது, அதனால் அது செலவாகவே பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு சிறிய நிறுவனப் பங்கின் மார்க்கெட் டெப்த்தை, அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலை, பாருங்கள். வாங்குபவர்கள் பக்கம் முதல் விலை 181.60. விற்பவர்கள் பக்கம் 182.30க்கு 30 பங்கு, 182.75க்கு 60 பங்கு, 183.10க்கு 200 பங்கு. இரண்டு பக்கத்துக்கும் நடுவிலை 181.95. 25,000 ரூபாய்க்கு 137 பங்கு வேண்டும் என்று ஒருவர் மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். முதல் 30ம், அடுத்த 60ம் தீர்ந்து, மீதி 47 பங்கு 183.10க்கு வந்து சேரும். சராசரி 182.77. நடுவிலையைவிடப் பங்குக்கு 82 பைசா அதிகம், மொத்தம் 112 ரூபாய்.

மேலே பார்த்த 71 ரூபாய் கட்டணம் முழு டிரேடுக்கும் சேர்த்து. இங்கே வாங்கும் பக்கம் மட்டுமே 112 ரூபாய் போய்விட்டது. இதே பங்கை மார்க்கெட் ஆர்டரில் விற்றால் இன்னொரு தடவை. நாம் மேலே வைத்த 0.1 சதவீதத்தை இந்த ஓர் ஆர்டரே நான்கு மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது.

இந்த விலையைத் தாண்டி வாங்காதே என்று சொல்லும் லிமிட் ஆர்டர் இதைக் கட்டுப்படுத்தும். 182.30க்கு லிமிட் போட்டால் முதலில் 30 பங்கு கிடைக்கும், மீதி காத்திருக்கும். விலை திரும்பி வராமல் மேலேயே போய்விட்டால் அந்த டிரேட் பாதியோடு நின்றுவிடும், அதுதான் லிமிட்டின் விலை. மூன்று வாரம் வைத்திருக்கப்போகும் பங்குக்கு அரை மணி நேரம் காத்திருப்பது பெரிய இழப்பு இல்லை என்பதால் ஸ்விங்குக்கு லிமிட் ஆர்டர்தான் சரி என்பது எங்கள் தீர்ப்பு. காலை 9.15க்குச் சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் சின்னப் பங்குகளில் இந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்கும். அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் அந்த நேரத்தில் மார்க்கெட் ஆர்டர் தட்டுவதுதான் செலவு மிகுந்த பழக்கம்.

விலை இறங்கினால் விற்று நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப் லாஸிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 500க்கு வாங்கிய பங்குக்கு 470 டிரிகர், 468 லிமிட் என்று, டிரிகர் விலை வரும்வரை நாள் கணக்கில் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டர் ஒருவர் போட்டு வைத்திருக்கிறார். மறுநாள் பங்கு 461ல் திறக்கிறது. டிரிகர் அடிபட்டு 468க்கு விற்பனை ஆர்டர் போகும், ஆனால் சந்தை அதற்குக் கீழே இருப்பதால் நிறைவேறாது. பங்கு இன்னும் சரிந்தாலும் ஆர்டர் அங்கேயே தொங்கும். லிமிட்டை டிரிகருக்கு மிக அருகில் வைக்காமல் தள்ளி வைத்தால் விற்றுவிடும், ஆனால் 461ல். இரவு தாண்டி வைத்திருக்கும் எவரும் நஷ்டத்தை 30 ரூபாய் என்று எழுதி வைக்க முடியாது. இன்ட்ராடேவுக்கு இந்த ஒரு தொல்லை கிடையாது.

வரி: யாருக்கு எப்படி விழுகிறது

நம் அம்பத்தூர்காரர் ஸ்விங்கில் ஆண்டுக்கு 24 சதவீதம், 24,000 ரூபாய், எல்லாச் செலவுக்கும் முன் சம்பாதித்தார் என்று கொள்வோம். நல்ல ஆண்டு. ஸ்லிப்பேஜ் 3,000 ஏற்கெனவே விலையில் கழிந்துவிட்டதால் கான்ட்ராக்ட் நோட்டுப்படி லாபம் 21,000. கட்டணம் 4,255ல் எஸ்டிடி 3,000 ரூபாயை மூலதன லாபக் கணக்கில் செலவாகக் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீதி 1,255ஐ மட்டும் கழித்தால் வரிக்குரிய குறுகிய கால லாபம் 19,745. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், அதாவது 20.8 சதவீதம். வரி 4,107 ரூபாய்.

அவருடைய சம்பளத்துக்கு வரி கிடையாது, ஏனென்றால் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. ஆனால் பங்கு லாபம் போன்ற தனி விகித வருமானத்தின் வரிக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்று நம்பி ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காரும்போது 4,107 ரூபாய் கட்டச் சொல்லிக் கணக்கு வந்து நிற்பது இதனால்தான்.

24,000ல் செலவு 7,255, வரி 4,107 போக அவர் கையில் 12,638. ஏறக்குறைய பாதி.

இதையே அரை சதவீதம் புரோக்கரேஜ் வாங்கும் கிளையில் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் பங்குச் சந்தை 2015ல் விடைபெற்றுவிட்டது, ஆனால் ஃபோன் போட்டு ஆர்டர் சொல்லும் வழக்கம் மயிலாப்பூரிலும் புரசைவாக்கத்திலும் இன்னும் தொடர்கிறது. ஒரு பக்கத்துக்கு 125 ரூபாய், இரண்டு பக்கம் 250, ஜிஎஸ்டியோடு 295. அறுபது டிரேடுக்கு 17,700. இப்போது 24,000ல் ஸ்லிப்பேஜும் மற்றக் கட்டணங்களும் 7,255, புரோக்கரேஜ் 17,700. கணக்கு 955 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறது. ஆனால் எஸ்டிடி 3,000ஐக் கழிக்க முடியாததால் வருமான வரித்துறை பார்வையில் அவருக்கு 2,045 ரூபாய் லாபம். அதற்கு 425 ரூபாய் வரி. 24 சதவீதம் சரியாகக் கணித்த மனிதர், நஷ்டப்பட்டு, அதற்கு மேல் வரியும் கட்டுகிறார்.

இன்ட்ராடேயின் வரி வேறு மாதிரி. அது மூலதன லாபம் அல்ல, ஊக வணிக வருமானம். சம்பளத்தோடு சேர்ந்து சாதாரண வரி அடுக்கில் வரும். எஸ்டிடியையும் செலவாகக் கழிக்கலாம். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும் நம் ஆளுக்குத் தள்ளுபடியும் கிடைப்பதால் வரியே வராது. வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் அவருக்கு ஸ்விங்கைவிட இன்ட்ராடே மலிவு, இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 29,400 ரூபாய் செலவு அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதோடு வணிக வருமானம் உள்ளவர்களுக்கான ஐடிஆர்-3 ரிட்டர்ன் படிவம் போட வேண்டும். ஆடிட்டர் 2,000 ரூபாய் கேட்டால் அதுவே இந்தக் கணக்கில் 2 சதவீதம். இன்ட்ராடே நஷ்டத்தை ஊக வணிக லாபத்தோடு மட்டுமே ஈடுகட்டலாம், நான்கு ஆண்டுகள் வரை. ஸ்விங்கின் குறுகிய கால நஷ்டத்தை எந்த மூலதன லாபத்தோடும் ஈடுகட்டலாம், எட்டு ஆண்டுகள் வரை. இரண்டுக்கும் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும்.

வேறு வருமானமே இல்லாத ஒருவருக்கு ஸ்விங் கணக்கு மாறும். புதிய முறையில் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு இருப்பதால், இந்தியாவில் வசிப்பவரானால் பயன்படாத விலக்கைக் குறுகிய கால லாபத்தோடு ஈடுகட்டலாம். அதற்காகக் கணவர் தன் பணத்தை மனைவி கணக்கில் போட்டு டிரேட் செய்தால் அந்த லாபம் கணவர் வருமானத்தோடே சேர்க்கப்படும். மனைவியின் சொந்தப் பணமாக இருந்தால்தான் அந்தச் சலுகை.

ஓராண்டு டெலிவரி, அதோடு மற்ற இரண்டும்

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, செலவும் அதிகம் இல்லை. நான்கு பங்குகளில் 25,000 வீதம் வாங்கிப் பதின்மூன்றாம் மாதம் விற்றால் கட்டணம் 284, அதே ஸ்லிப்பேஜ் 200, மொத்தம் 484 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்ட கால லாபம், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். இந்த 1.25 லட்சத்தில் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டு லாபமும் சேரும் என்பதால் எஸ்ஐபி விற்றவர்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். டீமேட் பராமரிப்புக் கட்டணமும் அடிப்படைச் சேவை டீமேட் கணக்காக இருந்து பங்கு மதிப்பு 4 லட்சத்துக்குள் இருந்தால் இல்லை.

மூன்று பேருக்கும் ஒரே 24 சதவீதம் என்று ஒப்பிடுவது நியாயமில்லை, அடிக்கடி வாங்கி விற்பவர் அதிகம் சம்பாதிப்பதற்காகத்தான் அதைச் செய்கிறார். அதனால் கேள்வியை இப்படி வைப்போம்: டெலிவரிக்காரர் சும்மா இருந்து செலவுக்கு முன் 12 சதவீதம் பெற்றால் கையில் 11,516 ரூபாய். அதே தொகை கையில் வர மற்றவர்கள் செலவுக்கு முன் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்?

| வழி | ஆண்டுச் செலவு (வரி நீங்கலாக) | 11,516 ரூபாய் கையில் வரத் தேவையான லாபம் |
|---|---|---|
| ஓராண்டு டெலிவரி | 484 | 12.0% |
| ஸ்விங், 60 டிரேட், புரோக்கரேஜ் இல்லை | 7,255 | 22.6% |
| இன்ட்ராடே, 240 டிரேட், ஆர்டருக்கு 20 ரூபாய் | 29,400 | 40.9% |

ஸ்விங்காரர் டெலிவரிக்காரரைவிட ஆண்டுக்குப் பத்தரை சதவீதம் கூடுதலாகக் கணித்தால்தான் இருவரும் சமம். இன்ட்ராடேகாரருக்கு அது ஏறக்குறைய 29 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும்.

எங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். ஒரு லட்சம் ரூபாய்க் கணக்கில் இன்ட்ராடே வேண்டாம். கற்றுக்கொள்ளத்தான் செய்கிறோம் என்பவர்கள் ஒரு லட்சத்தையும் இறக்காமல் சில பங்குகளை மட்டும் வைத்துச் செய்யட்டும். 20 ரூபாய் அல்லது 0.03 சதவீதம், எது குறைவோ அது என்று வாங்கும் புரோக்கரிடம் 5,000 ரூபாய் டிரேடுக்கு ஆர்டருக்கு ஒன்றரை ரூபாய்தான்.

ஸ்விங் செய்தே ஆக வேண்டும் என்பவருக்கு, மாற்ற வேண்டியது டிரேடுகளின் எண்ணிக்கை. 60ஐ 20 ஆக்கி, பொசிஷனை 25,000க்குக் கீழே விடாமல், இடைவெளி குறைந்த பெரிய பங்குகளில் லிமிட் ஆர்டர் மட்டும் போட்டால் ஸ்லிப்பேஜ் ஒரு பக்கத்துக்கு 0.03 சதவீதம் அளவுக்கு வரும். ஒரு டிரேடுக்கு 71 கூட்டல் 15, ஆண்டுக்கு 1,720 ரூபாய். 11,516 கையில் வரத் தேவையான லாபம் 22.6லிருந்து 16.5 சதவீதமாக இறங்கும். புரோக்கரை மாற்றிக் கிடைக்கும் எந்தச் சலுகையும் இவ்வளவு தராது, அரை சதவீதக் கிளையிலிருந்து வெளியேறுவதைத் தவிர.

பத்து பதினோரு மாதம் ஆன பங்கை விற்கலாமா என்று தயங்குபவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 25,000க்கு வாங்கியது 31,000 ஆகியிருக்கிறது. இன்று விற்றால் 6,000 லாபத்துக்கு வரி 1,248 ரூபாய், இது இன்றைய மதிப்பில் 4 சதவீதம். பன்னிரண்டு மாதம் முடிந்து விற்றால், 1.25 லட்ச விலக்கு மிச்சமிருந்தால், வரி இல்லை. அதுவரை பங்கு 4 சதவீதத்துக்குள் இறங்கினாலும் காத்திருந்தவருக்குக் குறைவில்லை. அதற்கு மேல் இறங்கும் என்று உறுதியாக நினைக்கக் காரணம் இருந்தால் வரியைப் பார்க்காமல் விற்பதுதான் சரி. 2025 மார்ச் 10ல் வாங்கியதை 2026 மார்ச் 11 அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் நீண்ட கால லாபம். தேதியில் ஒரு நாள் முந்தினாலும் முழு 20 சதவீதம் விழும்.

உங்கள் கணக்கில் இது எவ்வளவு என்று பார்க்க ஒரு மாலை நேரம் போதும். புரோக்கர் தளத்தில் கடந்த மூன்று மாத லெட்ஜரையும், கட்டணங்களோடு வரும் லாப நஷ்ட அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள கட்டணங்களோடு லெட்ஜரில் தனியாக வந்த டிபி கட்டணம், தானாக விற்றதற்கான கட்டணம், ஃபோன் ஆர்டர் கட்டணம், மார்ஜின் வட்டி எல்லாவற்றையும் கூட்டுங்கள். நான்கால் பெருக்கி, கணக்கில் உள்ள பணத்தால் வகுத்தால் ஆண்டுச் செலவு சதவீதம் வந்துவிடும். ஸ்லிப்பேஜுக்குப் பழைய பதிவு இருக்காது, அதை இனிமேல்தான் எடுக்க முடியும்: ஆர்டர் அழுத்துவதற்கு முன் டெப்த்தில் முதல் இரண்டு விலைகளின் நடுவிலையைக் குறித்து வைத்து, பிறகு டிரேட் புக்கில் வந்த சராசரி விலையோடு ஒப்பிட வேண்டும். இருபது ஆர்டர் குறித்தாலே எந்தப் பங்கில், எந்த நேரத்தில் அதிகம் போகிறது என்று பிடிபட்டுவிடும். கட்டணச் சதவீதத்தையும், அதே போல ஆண்டுக்குக் கணக்கிட்ட ஸ்லிப்பேஜ் சதவீதத்தையும் கூட்டியது 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அடுத்த மூன்று மாதத்துக்கு டிரேடுகளைப் பாதியாக்கி அதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.